எந்தப் பத்தியை வைத்து அடுக்குவது? ஹார்டுவேர்ஸ் கடைக்கு நாலு விதமான ஏபிசி கணக்கு

நாலாயிரம் ஐட்டம் இருக்கிற ஹார்டுவேர்ஸ் கடையில் எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கவனிக்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் எதை அடிக்கடி எண்ணுவது, எதை அளந்து வாங்குவது, எதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாமல் இருப்பது என்று பிரித்தாக வேண்டும். அதற்கான பழைய வழிதான் ஏபிசி. ஐட்டங்களைப் பண மதிப்பின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மொத்த மதிப்பில் முதல் 80 சதவீதத்தைத் தருபவற்றை ஏ என்றும், அடுத்த 15 சதவீதத்தை பி என்றும், கடைசி 5 சதவீதத்தை சி என்றும் வைப்பார்கள். பெரும்பாலான கடைகளில் ஏ-யில் விழுவது மொத்த ஐட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். சி-யில் பாதிக்கு மேல் கிடக்கும்.

இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. ‘பண மதிப்பு’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது. ஓராண்டில் விற்ற சரக்கின் மதிப்பா, இப்போது கடையில் கிடக்கும் சரக்கின் மதிப்பா, அது தரும் லாபமா? இல்லை, பணத்தையே விட்டுவிட்டு எத்தனை பில்லில் அந்த ஐட்டம் வருகிறது என்று எண்ணுவதா? ஒரே கடையை இந்த நாலு விதத்திலும் அடுக்கினால் நாலு வேறு பட்டியல் வரும். எதை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து மோட்டாரும் டெஃப்லான் டேப்பும் இடம் மாறும்.

சேரன்மகாதேவிப் பக்கம் உள்ள ஒரு கடையின் கணக்கைப் பார்க்கப்போய்தான் இந்தக் கேள்வி எனக்குப் பெரிதானது. நெல்லும் வாழையும் போடுகிற சம்சாரிகள், கொத்தனார், ப்ளம்பர், ஆசாரி என்று எல்லாரும் வருகிற கடை. முதலாளிக்கு இதில் தெளிவான கருத்து ஒன்று இருந்தது. “விக்கிறது எதுவா இருந்தா என்ன தம்பி, லாபம் எதுல நிக்குதுன்னு பாத்து அடுக்கு” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுக்கிப் பார்த்த பிறகு என் முடிவு வேறாக இருந்தது.

அந்தக் கடையின் நாலாயிரத்தில் பத்து ஐட்டத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காத தொகை.

| ஐட்டம் | ஆண்டு விற்பனை, கொள்முதல் விலையில் (₹) | கையிருப்பு (₹) | ஆண்டு லாபம் (₹) | பில்கள் |
|---|---|---|---|---|
| 1 எச்பி மோட்டார் | 3,00,000 | 40,000 | 24,000 | 58 |
| 1 இஞ்ச் பிவிசி பைப் | 2,40,000 | 24,000 | 24,000 | 410 |
| எமல்ஷன் பெயின்ட் 20 லிட்டர் | 1,90,000 | 45,600 | 12,500 | 42 |
| கட்டுக்கம்பி | 1,05,000 | 7,000 | 10,500 | 320 |
| மம்பட்டி | 60,000 | 12,000 | 12,000 | 130 |
| தார்ப்பாய் | 36,000 | 9,000 | 8,000 | 40 |
| பிவிசி சொல்யூஷன் | 30,000 | 2,000 | 9,000 | 520 |
| கதவுக் கீல் | 18,000 | 4,500 | 6,000 | 95 |
| டெஃப்லான் டேப் | 12,000 | 1,500 | 12,000 | 700 |
| பித்தளைக் கைப்பிடி, பழைய மாடல் | 9,000 | 60,000 | 3,000 | 4 |

விற்ற சரக்கின் மதிப்பு

இதுதான் ஏபிசியின் மூல வடிவம். 1951-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி இதை எழுதி வெளியிட்டார். ஓராண்டில் எத்தனை போனதோ அதை வாங்கிய விலையால் பெருக்குவது, வரும் தொகையை வைத்து அடுக்குவது, அவ்வளவுதான்.

பெருக்க வேண்டியது விற்ற விலையால் அல்ல, வாங்கிய விலையால். கடையின் பணம் வெளியே போவது கொள்முதலில். எந்தச் சரக்கின் வழியாக அந்தப் பணம் அதிகமாக ஓடுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். எம்ஆர்பியை வைத்துப் பெருக்கினால் டிஸ்கவுண்ட் அதிகமுள்ள சுவிட்ச், குழாய் வகைகள் இல்லாத பெருமையோடு மேலே ஏறிவிடும். Tally வைத்திருப்பவர்கள் Stock Summary-யை ஓராண்டுக்கு எடுத்து எக்செலில் போட்டுக்கொள்ளலாம். அதில் Outwards பக்கத்தில் உள்ள ரூபாய் விற்ற விலையில் இருக்கும். அதனால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு கொள்முதல் விலையைத் தனியாகப் போட வேண்டும். A பத்தியில் பெயர், B-யில் விற்ற அளவு, C-யில் வாங்கிய விலை என்று வைத்துக்கொண்டால் மீதி இதுதான்:

```
D2: =B2*C2
E2: =SUM($D$2:D2)/SUM($D$2:$D$4001)
F2: =IF(E2<=0.8,"A",IF(E2<=0.95,"B","C"))
```

D பத்தியை நிரப்பியதும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டுத்தான் E, F பத்திகளைப் பார்க்க வேண்டும். அடுக்காமல் பார்த்தால் எழுத்துகள் கண்டபடி விழுந்திருக்கும்.

நம் பத்து ஐட்டத்தின் மொத்தம் 10 லட்சம். மோட்டார் 30 சதவீதம், பைப் சேர்ந்தால் 54, பெயின்ட் சேர்ந்தால் 73. இந்த மூன்றும் ஏ. கட்டுக்கம்பி வரும்போது 83.5 ஆகிவிடுவதால் அது பி-யில் விழுகிறது. மம்பட்டியும் தார்ப்பாயும் பி. சொல்யூஷனிலிருந்து கீழே எல்லாம் சி. கட்டுக்கம்பி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை ஏ-க்கு நகர்த்தினால் யாரும் கேட்கப்போவதில்லை. 80 என்பது வசதிக்காகப் போட்ட கோடு, சட்டம் அல்ல. இது பத்து ஐட்டத்தின் உதாரணம் என்பதால் ஏ-யில் மூன்று நிற்கிறது. முழுப் பட்டியலில் ஏ சில நூறு ஐட்டங்களாக இருக்கும்.

இந்தக் கணக்கு எளிது, ஆனால் உள்ளே போகும் அளவில் தப்பு வந்தால் பட்டியலே சிரிப்பாகிவிடும். ஹார்டுவேர்ஸில் முக்கால்வாசிச் சரக்கு ஓர் அளவில் வாங்கி இன்னோர் அளவில் விற்பது. பைப் நீளக் கணக்கில் வரும், சிலருக்கு அடிக் கணக்கில் வெட்டித் தருவோம். ஆணி பெட்டியில் வரும், கிலோவில் போகும். வயர்தான் பெரிய தொல்லை. 90 மீட்டர் காயில் ஒன்று 1,300 ரூபாய் என்று வைப்போம். ஆண்டில் 10 காயில் போனால் உண்மையான மதிப்பு 13,000 ரூபாய். பில்லில் மீட்டராகப் போட்டு 900 என்று பதிவாகியிருந்து, விலை காயில் விலையாகவே இருந்தால், எக்செல் 11,70,000 என்று காட்டும். மோட்டாரையெல்லாம் தாண்டி வயர் முதலிடத்தில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். முதல் ஐம்பது ஐட்டத்தை அச்செடுத்து, கவுண்டரில் பல வருஷமாக நிற்கிற ஆளிடம் வாசித்துக் காட்டினால் போதும். “இதுவா? இது எங்க அண்ணாச்சி அவ்வளவு போகுது?” என்று அவர் கேட்கிற இடத்திலெல்லாம் அளவுப் பிழை இருக்கும்.

அதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ஒரே எல்போ மூன்று பெயரில் மூன்று ஐட்டமாகப் பதிவாகியிருக்கும். ஒருவர் ‘பிவிசி எல்போ 1’ என்று போட்டிருப்பார், இன்னொருவர் ‘எல்போ 1 இஞ்ச்’ என்று. தனித்தனியாக மூன்றும் சி-யில் கிடக்கும், சேர்த்தால் பி-க்குப் போகும். இதை எக்செல் சொல்லாது. பெயர் வரிசையில் ஒருமுறை அடுக்கிக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. ப்ளம்பர்கள் கூடுதலாக எடுத்துப் போய் மீதியைத் திருப்பித் தருகிற பழக்கமும் இங்கே உண்டு. அந்த ரிட்டர்னை விற்பனையிலிருந்து கழித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஓராண்டை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை புரண்டு நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் நின்றதே, அந்த மாதங்களைச் சேர்த்துக் கணக்கெடுத்த கடைக்கு வெள்ளத்துக்குப் பிறகு வந்த பழுதுபார்ப்பு விற்பனை எல்லாம் வழக்கமான விற்பனை போலத் தெரியும். அப்படி ஒரு வருஷம் நடுவில் இருந்தால் இரண்டாண்டுக் கணக்கைத் தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் ஏ-யாக வருவதை மட்டும் ஏ என்று நம்பலாம்.

இந்த முறையின் பலம், பணம் ஓடும் வழியை நேராகக் காட்டுவது. அதன் குருட்டுப் புள்ளி பிறந்த இடத்திலேயே இருக்கிறது. இது தொழிற்சாலைக்காக வந்த முறை. தொழிற்சாலையில் எந்த உதிரிப்பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்று உற்பத்தித் திட்டமே சொல்லிவிடும். கடையில் அப்படிச் சொல்வதற்கு ஆள் இல்லை. வருகிறவர் கேட்பார், இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போவார். அந்தப் போக்கு இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறாது.

கையிருப்பின் மதிப்பு

மார்ச் 31 சரக்கெடுப்பு முடிந்ததும் ஆடிட்டருக்குக் கொடுக்கிற பட்டியல் இது. தயாராகவே இருப்பதால் இதை வைத்தே ஏபிசி போட்டுவிடுகிறவர்கள் நிறைய.

நம் பட்டியலில் கையிருப்பு மொத்தம் 2,05,600 ரூபாய். இந்தப் பத்தியின்படி அடுக்கினால் முதலிடம் பித்தளைக் கைப்பிடிக்கு. 60,000 ரூபாய், கிட்டத்தட்ட 29 சதவீதம். ஒன்று 1,500 ரூபாய் என்று 40 கிடக்கிறது, ஆண்டுக்கு 6 போகிறது. இருக்கிற சரக்கு தீர ஆறரை வருஷத்துக்கு மேல் ஆகும். இதை ஏ என்று முத்திரை குத்தி மாதாமாதம் எண்ணினால் என்ன கிடைக்கும்? எண்ணிக்கை மாறாது என்பது மட்டும் தெரியவரும்.

அதாவது, இந்தக் கணக்கு நாம் வாங்கி முடித்த முடிவுகளின் விளைவை அளக்கிறது. அதிகமாக வாங்கிய சரக்கு அதனாலேயே முக்கியமான சரக்காகத் தெரியும். நன்றாக விற்றுத் தீர்ந்துபோன சரக்கு சரக்கெடுப்பு நாளில் பூஜ்யமாக நிற்கும், பட்டியலின் அடிக்குப் போய்விடும். தினசரிக் கொள்முதலுக்கு இதை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து.

ஆனால் தூங்குகிற சரக்கைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. முதல் முறையில் கைப்பிடி சி-யின் அடியில் ஒளிந்துகொண்டது. 60,000 ரூபாய் முடங்கியிருப்பது அந்தப் பட்டியலில் தெரியவே இல்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, கையிருப்பில் மேலேயும் விற்பனையில் கீழேயும் இருக்கிற ஐட்டத்தை வட்டமிட வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் இதைக் கூப்பிட்டால் போதும்.

லாபம்

முதலாளி கேட்டது இதைத்தான். பத்து ஐட்டத்தின் லாபம் 1,21,000 ரூபாய். மோட்டாரும் பைப்பும் 24,000 ரூபாயோடு மேலே நிற்கின்றன. அடுத்து பெயின்ட் 12,500. அதற்கு ஒட்டினாற்போல டெஃப்லான் டேப் 12,000. விற்பனைப் பட்டியலில் கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்த பத்து ரூபாய்ச் சரக்கு, பெயின்டோடு தோளோடு தோள் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வித்தியாசம் பெரிதாகும். பெயின்டுக்குக் கடையில் 45,600 ரூபாய் முடங்கியிருக்கிறது, ஒரு ரூபாய்க்கு ஆண்டில் 27 பைசா லாபம். டேப்பில் முடங்கியது 1,500 ரூபாய், ஒரு ரூபாய்க்கு 8 ரூபாய் லாபம்.

இதைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் டேப்பை ஏ என்று வைத்தால் என்ன செய்யப்போகிறோம்? வாரத்துக்கு ஒருமுறை எண்ணவா? ஏ என்ற எழுத்துக்குக் கடையில் ஒரே பொருள்தான்: கொஞ்சமாக அடிக்கடி வாங்கு, இருப்பைக் குறை, அடிக்கடி எண்ணு. டேப்பின் இருப்பைப் பாதியாகக் குறைத்தால் மிஞ்சுவது 750 ரூபாய். லாபம் எங்கே நிற்கிறது என்பதும் கட்டுப்பாடு எங்கே வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். லாபப் பட்டியல் எதை அதிகம் விற்கலாம், எதைக் கண்ணில் படும்படி வைக்கலாம் என்பதற்கு உதவும். எதை எப்படி வாங்கிச் சேமிப்பது என்பதற்கு அவ்வளவாக உதவாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கடையில் ஐட்டம் வாரியாக லாபம் என்று எழுதப்படும் எண் பாதி ஊகம். பெயின்ட் கம்பெனியும் பைப் கம்பெனியும் வருஷக் கடைசியில் தருகிற டர்னோவர் டிஸ்கவுண்ட் எந்த ஐட்டத்துக்கு என்று பிரிக்கப்படுவதில்லை. கொத்தனாருக்கு ஒரு விலை, வீட்டுக்காரருக்கு ஒரு விலை, பக்கத்து ஊர்ச் சின்னக் கடைக்காரருக்கு ஒரு விலை. மோட்டாரைக் கடனில் கொடுத்து நாலு மாதம் கழித்துப் பணம் வாங்கினால் அந்த 400 ரூபாய் லாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதும் இந்தப் பத்தியில் இல்லை. அளவையும் கொள்முதல் விலையையும் பில்லை வைத்துச் சரிபார்க்கலாம். லாபத்தைச் சரிபார்க்க அப்படி ஒரு காகிதம் கிடையாது.

பில் எண்ணிக்கை

கடைசி வழி, ஓர் ஐட்டம் எத்தனை பில்லில் வந்தது என்று எண்ணுவது. எத்தனை விற்றது என்பது வேறு, எத்தனை முறை கேட்கப்பட்டது என்பது வேறு. ஒரு காண்டிராக்டர் ஒரே நாளில் கீல் 200 வாங்கிப்போனால் அளவு ஏறும், பில் ஒன்றுதான். இந்தப் பத்தி அந்த மாதிரி ஒற்றை விற்பனையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

பட்டியலில் டேப் 700, சொல்யூஷன் 520, பைப் 410, கட்டுக்கம்பி 320. மோட்டார் 58-தான். பணப் பட்டியலை அப்படியே புரட்டிப் போட்டது போல இருக்கிறது. இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் மோட்டாரையும் பெயின்டையும் யாரும் கவனிக்க மாட்டார்கள், பணம் அங்கே முடங்கும். ஆனால் ‘இந்தக் கடையில எல்லாம் கிடைக்கும்’ என்ற பெயர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

சொல்யூஷனை எடுத்துக்கொள்வோம். ஒரு டப்பா லாபம் 15 ரூபாய். அது இல்லை என்றால் போவது 15 ரூபாய் என்றுதான் கணக்கு சொல்லும். உண்மையில் சொல்யூஷன் தேடி வருகிறவர் பெரும்பாலும் பைப்பும் எல்போவும் டீயும் கேட்டுத்தான் வருவார். பைப் பில் ஒன்றுக்கு நாலு நீளம் என்று வைத்தால் பைப்பில் மட்டும் 64 ரூபாய் லாபம், ஃபிட்டிங்ஸ் தனி. ஒட்டுவதற்குச் சொல்யூஷன் இல்லாமல் பைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போக அவருக்கு என்ன தலையெழுத்து? முழுப் பில்லும் எதிர்க்கடைக்குப் போகும். பைப் ஏ சரக்கு என்று எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் ஐம்பது ரூபாய் சி சரக்கு இல்லாததால் அது விற்காமல் போகிறது.

என் தேர்வு

ஒரே ஒரு பத்திதான் என்று கட்டாயப்படுத்தினால், விற்ற சரக்கின் மதிப்பையே எடுப்பேன். சரிபார்க்கக்கூடிய எண்களிலிருந்து வருவது அது ஒன்றுதான், வாங்கும் முடிவோடு நேரே தொடர்புள்ளதும் அதுதான். ஆனால் யாரும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. பில் எண்ணிக்கையை இரண்டாவது எழுத்தாகப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு இன்னொரு பத்தி மட்டுமே செலவு. சேரன்மகாதேவிக் கடைக்கு அதைத்தான் சொன்னேன். இந்த அளவுள்ள கடையில் ஆண்டுக்கு 300 பில்லுக்கு மேல் வந்தால், அதாவது தினமும் ஒருவராவது கேட்டால், ‘அடிக்கடி’. இல்லையென்றால் ‘எப்போதாவது’. மூன்றாவது பிரிவு தேவைப்படவில்லை.

இப்போது பைப் ‘ஏ, அடிக்கடி’. மோட்டாரும் பெயின்டும் ‘ஏ, எப்போதாவது’. டேப்பும் சொல்யூஷனும் ‘சி, அடிக்கடி’. கைப்பிடி ‘சி, எப்போதாவது’. இந்த நாலுக்கும் நாலு விதமான நடத்தை.

மோட்டார் மாதிரி ஏ-யாகவும் எப்போதாவதாகவும் இருப்பதில்தான் பணத்தை விடுவிக்க முடியும். மாதத்துக்கு ஐந்து போகிற மோட்டாருக்கு எட்டு இருப்பு எதற்கு? கோயம்புத்தூரிலிருந்தோ மதுரை டீலரிடமிருந்தோ பார்சல் சர்வீஸில் சில நாளில் வந்துவிடும் சரக்கு அது. வாங்குகிறவரும் ஒரு நாள் பொறுப்பார். மோட்டார், பைப், பெயின்ட் மூன்றுக்கும் சேர்த்து இருப்பு 1,09,600 ரூபாய். இதில் கால் பங்கைக் குறைத்தால் 27,400 ரூபாய் கைக்கு வரும். பைப் தினமும் போவதால் அதில் கொஞ்சமாகவும் மற்ற இரண்டில் கூடுதலாகவும் குறைக்க வேண்டும்.

சி-யாகவும் அடிக்கடியாகவும் உள்ளதில் இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பைக் கூட்ட வேண்டும், எண்ணுவதை விட்டுவிட வேண்டும். டேப், சொல்யூஷன் இரண்டின் இருப்பும் சேர்ந்து 3,500 ரூபாய்தான். இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக முடங்குவது 3,500. ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 420 ரூபாய் செலவு. நாலாயிரம் ஐட்டத்தில் இந்த வகை சில நூறு இருக்கும், செலவும் அதற்கேற்பக் கூடும். என்றாலும் ஏ-யில் விடுபடும் பணத்துக்குப் பக்கத்தில் இது வராது.

எண்ணாமல் எப்படிச் சமாளிப்பது என்றால், இரண்டு டப்பா முறை. சொல்யூஷன் ஆண்டுக்கு 600, வேலை நாள் 300 என்றால் தினமும் இரண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. அதற்குள் போவது 20. வண்டி தாமதமானால் இருக்கட்டும் என்று இன்னும் 10. ஆக ஒரு டப்பாவில் 30, இன்னொன்றில் 30. முதல் டப்பா காலியானதும் அதைத் தூக்கிக் கல்லாப் பக்கம் வைத்துவிட வேண்டும். அந்தக் காலி டப்பாவே ஆர்டர். கம்ப்யூட்டரில் இருப்பு சரியா, தப்பா என்ற கவலை இல்லை. சொல்யூஷனில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரொம்ப நாள் கிடந்தால் கெட்டியாகிவிடும். அதனால் புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கிப் பழையதை முன்னால் இழுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்கவும் கூடாது.

பி சரக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும். ஆனால் தார்ப்பாய் போன்ற பருவச் சரக்கை ஆண்டுக் கணக்கு ஏமாற்றும். ஆண்டு முழுவதும் 40, அதனால் மாதத்துக்கு மூன்று என்று வாங்கி வைத்தால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். நம் பக்கத்து மழையில் பெரும்பங்கு அந்தப் பருவத்தில்தான். மோட்டாருக்கு அதேபோல் பங்குனியிலிருந்து வைகாசி வரை. கிணற்றில் தண்ணீர் இறங்குகிற காலத்தில் மோட்டார் நின்றுபோன வாழைக்காரர் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார். அந்த மூன்று மாதமும், மேலே சொன்ன இருப்புக் குறைப்பைத் தள்ளி வைத்துவிட வேண்டும். பருவச் சரக்கின் எழுத்துக்குப் பக்கத்தில் மாதப் பெயரை எழுதி வைத்தால் போதும், புது வகை எதுவும் வேண்டாம்.

மீதி இருப்பது கைப்பிடி மாதிரியான சி, எப்போதாவது. இங்கே முதலாளிகளுக்கு மனசு வராது. “நல்ல பித்தளை தம்பி, என்னைக்காவது போகும்” என்றார் அண்ணாச்சி. 60,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி ஆண்டுக்கு 7,200. அது தரும் லாபம் 3,000. வைத்திருப்பதே ஆண்டுக்கு 4,200 நஷ்டம். வாங்கிய விலையில் பத்து சதவீதம் குறைத்து 36-ஐ ஆசாரிகளிடம் ஒரே மூச்சில் தள்ளினால் நஷ்டம் 5,400. ஒன்றே கால் வருஷ நஷ்டத்தைக் கொடுத்து மீதி வருஷங்களை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம், 48,600 ரூபாயும் கைக்கு வரும். கேட்டு வருகிறவருக்காக நாலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது, சில சமயம் வேறு மாடலுக்கு மாற்றித் தருவார்கள்.

எல்லா சி-எப்போதாவதையும் இப்படித் தள்ளிவிடவும் கூடாது. பழைய மாடல் மோட்டாருக்கான ஃபூட் வால்வு, பெரிய அளவு கேட் வால்வு மாதிரி சில உருப்படிகள் வருஷத்துக்கு நாலு பேருக்குத்தான் தேவை. ஆனால் அந்த நாலு பேரும் வேறெங்கும் கிடைக்காமல் வருகிறவர்கள். ஒன்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். எது அப்படிப்பட்டது என்று எக்செலுக்குத் தெரியாது, கவுண்டரில் நிற்கிறவருக்குத் தெரியும்.

எழுத்துகளை எப்போது புதுப்பிப்பது என்பதில் நான் ஆடி மாதத்தைச் சொல்வேன். வீட்டு வேலையை ஆடியில் புதிதாகத் தொடங்க மாட்டார்கள், கடையில் கூட்டம் குறைவு. அதே சமயம் ஐப்பசி மழைக்கு வாங்க இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். மார்ச் கடைசியில் ஆடிட்டர் வேலையோடு சேர்த்துச் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். ஒவ்வொரு மாதமும் போட்டுப் பார்க்கிற ஆர்வமும் வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற கட்டுக்கம்பி ஒரு மாதம் ஏ, மறுமாதம் பி என்று மாறிக்கொண்டே இருக்கும், ரேக்கில் ஒட்டிய எழுத்தை மாற்றவே ஆளுக்கு நேரம் போய்விடும். அடுத்த ஆடியிலும் அதே பக்கம் நின்றால் மட்டும் எழுத்தை மாற்றலாம். ஓராண்டு ஆகாத புதுச் சரக்கை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தனித் தாளில் வைத்து, பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு எழுத்துப் போடலாம்.